முதல் சொல் பொருந்த வேண்டும்: கல்லூரிக் கட்டுரைக்கு மேற்கோள் முறையும் துணைநூற்பட்டியலும்

நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கல்லூரிக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். கட்டுரையை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள், கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் அப்புறம் சரிசெய்யக்கூடிய விஷயம். உண்மையான சிக்கல் ஆசிரியர் பெயரில் எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்பதில் இருக்கிறது. நம் பெயர்கள் அப்படி.

இதில் ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, திருத்தணி எப்படி 1960இல் சென்னை மாநிலத்துக்குப் போனது என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். அவளிடம் இருந்தவை ஐந்து: ம.பொ.சி.யின் தன்வரலாறு (தமிழ்), டங்குடூரி பிரகாசத்தின் தன்வரலாறு (தெலுங்கு), சுமதி ராமசாமியின் ஆய்வு நூல் (ஆங்கிலம்), 1955ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம். இவை போக அவளுடைய பாட்டி சொன்ன கதை ஒன்று.

## 1. படிக்க உட்காரும் முன்பே விவரத்தை எடுத்து வையுங்கள்

புத்தகத்தைத் திறந்ததும் முதல் வேலை, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுப்பது. ஆண்டு, பதிப்பு, பதிப்பகம் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். அட்டையில் பெரும்பாலும் ஆண்டே இருக்காது.

இந்த மாணவி திருப்பதியில் ஒரு நூலகத்தில் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு ஆண்டைப் பார்க்க மறுபடி பேருந்து ஏறிப் போய் வந்தாள், அரைநாள் போயிற்று.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் பக்க எண்ணை எழுதுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் படிக்கிறீர்கள் என்றால் திரையில் காட்டும் எண்ணை எழுதாதீர்கள், தாளில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான் எழுத வேண்டும். அட்டை, முன்னுரை, பதிப்புரை எல்லாம் திரையின் கணக்கில் சேர்ந்துவிடுவதால் திரை 57 என்று காட்டுவது தாளில் 41 ஆக இருக்கலாம். உங்கள் ஆசிரியர் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு 57ஐப் புரட்டினால் அங்கே வேறு ஏதோ இருக்கும்.

தமிழ்ப் புத்தகங்களில் இன்னொரு விஷயம். "முதற்பதிப்பு 1980, மறுபதிப்பு 2015" என்று இரண்டு ஆண்டுகள் இருக்கும் என்று வையுங்கள். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறலாம், அதனால் கையில் இருக்கும் பிரதியின் ஆண்டுதான் முக்கியம். இரண்டையுமே குறித்துக்கொள்ளுங்கள், எதை எங்கே போடுவது என்பது 4ஆம் படியில் வருகிறது.

## 2. முறையைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒரு முறை மட்டும்

முதலில் துறையில் கொடுத்த தாளைப் பாருங்கள். அதில் எழுதியிருந்தால் பேச்சே இல்லை, அதுதான். எழுதவில்லை என்றால் ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அடைப்புக்குறிக்குள் குறிப்பா, அடிக்குறிப்பா?" அவர் சொல்லும் பதிலிலேயே பாதி முடிவு ஆகிவிடும்.

அடிக்குறிப்பு என்றால் பொதுவாக சிகாகோ முறை, வரலாற்றுத் துறையில் அதிகம் பார்க்கலாம். அடைப்புக்குறி என்றால் ஏபிஏ அல்லது எம்எல்ஏ. (சட்டமன்ற உறுப்பினர் இல்லை, அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் முறை.) இவை இரண்டுக்கும் நடுவே எப்படி முடிவெடுப்பது? உங்கள் வாசகர் எதைத் தேடுவார் என்று யோசியுங்கள். சமூக அறிவியலில் ஒரு கருத்து எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்பது பெரிய விஷயம், அதனால் ஏபிஏ ஆண்டை அடைப்புக்குறிக்குள்ளேயே வைக்கிறது. இலக்கியத்தில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி, அதனால் எம்எல்ஏ பக்க எண்ணை மட்டும் வைக்கிறது.

ஒரே நூல், 45ஆம் பக்கம் என்று வைத்துக்கொண்டால், ஏபிஏ மேலே, எம்எல்ஏ கீழே:

```
(Ramaswamy, 1997, p. 45)
(Ramaswamy 45)
```

எம்எல்ஏ குறிப்பில் காற்புள்ளியும் கிடையாது, பக்கத்தைச் சுட்டும் எழுத்தும் கிடையாது. இரண்டையும் கலந்து `(Ramaswamy, p. 45)` என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். ஏபிஏ என்றால் இப்போது 7ஆம் பதிப்பு, எம்எல்ஏ என்றால் 2021இல் வந்த 9ஆம் பதிப்பு. சீனியர் கொடுத்த பழைய கட்டுரையைப் பார்த்து எழுதினால் பதிப்பகத்துக்கு முன் ஊர்ப் பெயர் வரும், ஏபிஏ 7ஆம் பதிப்பில் அது எடுக்கப்பட்டுவிட்டது.

நம் மாணவிக்கு அரசியல் அறிவியல், ஆசிரியர் அடைப்புக்குறி போதும் என்றார். ஆகவே ஏபிஏ. இனி வருவதெல்லாம் அந்த முறைதான், எம்எல்ஏ மாறும் இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

## 3. ஒவ்வொரு ஆசிரியருக்கும் முதல் சொல்லை முடிவு செய்யுங்கள்

இதைப் பட்டியல் எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டும். காரணம் எளிது. கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் வரும் முதல் சொல்லும் பட்டியலில் அந்தப் பதிவின் முதல் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். வாசகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அகரவரிசையில் தேடுவார். அது மாறினால் பதிவு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த முறைகளை உருவாக்கியவர்கள் குடும்பப் பெயர் கடைசியில் வரும் ஊர்க்காரர்கள். நமக்கு அப்படி இல்லை. அவளுடைய மூன்று ஆசிரியர்களும் மூன்று விதம்.

ம.பொ.சி. என்றால் மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம். ஊர், அப்பா, பிறகு அவர் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை. அவரை அடையாளம் காட்டும் சொல் சிவஞானம், அது முன்னால் வரும், முதலெழுத்துகள் பின்னால் போகும். "மயிலாப்பூர்" என்று விரித்து எழுத வேண்டியதில்லை, நூலில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி.

```
Sivagnanam, M. P.
```

பிரகாசம் தெலுங்கர். அங்கே முதலில் நிற்கும் எழுத்து ஊரோ அப்பாவோ இல்லை, டங்குடூரி என்ற வீட்டுப் பெயர். அப்படியானால் அதுதானே குடும்பப் பெயர், அதை முன்னால் போடலாமே என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் `T. Prakasam` என்று அச்சான பெயரில் வாசகர் தேடும் சொல் பிரகாசம். ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு யாரும் அகரவரிசையில் தேட முடியாது. ஆகவே காரணம் வேறாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான்: `Prakasam, T.` இதோடு ஒரு எச்சரிக்கை, ராமா ராவ் மாதிரி இரண்டு சொல்லாக வரும் தெலுங்குப் பெயரை உடைக்காதீர்கள். ராவ் மட்டும் தனியாக முன்னால் வந்தால் அந்த ஊரில் பாதிப் பேர் அந்த வரியில் நிற்பார்கள்.

மூன்றாவது சுமதி ராமசாமி. இங்கேதான் நம் பழக்கமே நம்மைத் தடுக்கிவிடும். ராமசாமி அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ இருக்கும், ஆளின் பெயர் சுமதி, ஆகவே `Sumathi, R.` என்று மாணவி எழுதியிருந்தாள். தமிழ் முறைக்கு நியாயம்தான். ஆனால் முழுப் பெயராக அச்சாகி, ஆய்வுலகம் முழுக்க ராமசாமி என்றே மேற்கோள் காட்டப்படும் ஒருவரை நாம் மட்டும் மாற்றினால், அவரைத் தேடுபவருக்குக் கிடைக்காது. ஆசிரியர் தன்னை எப்படி வெளியிட்டுக்கொள்கிறாரோ, மற்ற ஆய்வுகள் எப்படிச் சுட்டுகின்றனவோ, அதைப் பின்பற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் அதே ஆசிரியரைச் சுட்டிய வேறு இரண்டு ஆய்வு நூல்களின் பட்டியலைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சிவஞானத்தை `Sivagnanam` என்றும் எழுதலாம், `Sivajnanam` என்றும் எழுதலாம். அவள் கட்டுரைக்குள் ஒன்றும் பட்டியலில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். ஒரு துண்டுத் தாளில் ஐந்து முதல் சொற்களையும் எழுதி மேசையில் ஒட்டச் சொன்னேன்.

## 4. துணைநூற்பட்டியலை முதலில் எழுதுங்கள், கட்டுரையை அல்ல

பலரும் கட்டுரையை முடித்துவிட்டுக் கடைசி இரவில் பட்டியல் போடுகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். பட்டியல் முன்னால் தயாராக இருந்தால் அடைப்புக் குறிப்பு எழுதும்போது அதில் இருந்து இரண்டு சொல்லை எடுத்துப் போட்டால் போதும், ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஏபிஏவில் ஒரு நூலுக்கு வரிசை: யார், எப்போது, என்ன, எங்கிருந்து. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம். நூல் தலைப்பு சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். தலைப்பிலும் துணைத்தலைப்பிலும் முதல் சொல்லுக்கும் ஆள், ஊர், மொழி போன்ற சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து. நம் மாணவியின் பட்டியல் இப்படி முடிந்தது. தமிழ், தெலுங்கு நூல்களில் ஆண்டும் பதிப்பகமும் பிரதிக்குப் பிரதி மாறும் என்பதால் அந்த இடத்தை இங்கே காலியாக வைக்கிறேன், உங்கள் பிரதியைப் பார்த்து நிரப்புங்கள்.

```
The Andhra Pradesh and Madras (Alteration of
  Boundaries) Act, 1959, No. 56, Acts of
  Parliament, 1959 (India).
Prakasam, T. (YYYY). Naa jeevitha yatra
  [My life journey]. Publisher.
Ramaswamy, S. (1997). Passions of the tongue:
  Language devotion in Tamil India, 1891–1970.
  University of California Press.
Sivagnanam, M. P. (YYYY). Enathu porattam
  [My struggle]. Publisher.
States Reorganisation Commission. (1955). Report
  of the States Reorganisation Commission.
  Government of India.
```

தமிழ், தெலுங்குத் தலைப்புகளை மொழிபெயர்த்து மட்டும் போடக் கூடாது. ஒலிபெயர்ப்பு முதலில், அப்புறம் சதுர அடைப்புக்குள் பொருள். "மை ஸ்ட்ரகிள்" என்று மட்டும் போட்டால் நூலகத்தில் அந்தப் பெயரில் ஒரு புத்தகம் கிடைக்காது, கிடைத்தாலும் அது ம.பொ.சி. எழுதியதாக இருக்காது.

மறுபதிப்பு ஆண்டைப் பற்றி முன்னால் சொன்னேன் அல்லவா? முதற்பதிப்பு 1980, கையில் இருப்பது 2015இன் புதிய பதிப்பு என்றால், பட்டியலில் ஆண்டின் இடத்தில் 2015, பதிவின் கடைசியில் `(Original work published 1980)`. கட்டுரைக்குள் இரண்டும் சேர்ந்து 1980/2015 என்று வரும். ஒரு தன்வரலாறு எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பது இந்த மாதிரிக் கட்டுரையில் முக்கியம், அதனால் முதல் ஆண்டை விடாதீர்கள்.

சட்டத்துக்கு ஆசிரியர் இல்லை, பெயரே முதல் சொல்லாக நிற்கும். முன்னால் இருக்கும் `The` அகரவரிசைக் கணக்கில் சேராது, அதனால்தான் அது மேலே இருக்கிறது. ஆணைய அறிக்கைக்கு ஆணையமே ஆசிரியர்.

வடிவத்துக்கு: புதிய பக்கம், நடுவில் தடித்த எழுத்தில் `References`, இரட்டை வரி இடைவெளி. இரண்டாவது வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், அப்போதுதான் முதல் சொற்கள் மட்டும் இடது ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், கண் மேலிருந்து கீழே ஓடும்போது அவை மட்டும் படும். இதை ஸ்பேஸ் பட்டையைத் தட்டித் தட்டிச் செய்யாதீர்கள். வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+T`. எம்எல்ஏ என்றால் தலைப்பு `Works Cited`, தடித்த எழுத்து வேண்டாம், ஆசிரியரின் முழுப் பெயரை எழுத வேண்டும், ஆண்டு கடைசிக்குப் போய்விடும்.

## 5. இப்போது கட்டுரைக்குள் குறிப்பு போடுங்கள்

வாக்கியம் எழுதியவுடனே குறிப்பையும் போட்டுவிடுங்கள், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டதெல்லாம் விட்டதுதான். முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்குப் பிறகு வரும், முன்னால் அல்ல. அப்போதுதான் குறிப்பு அந்த வாக்கியத்துக்குச் சொந்தம் என்று தெரியும். 40 சொல்லோ அதற்கு மேலோ நீளும் மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் எழுத வேண்டும், அங்கே மட்டும் முற்றுப்புள்ளி முன்னால் வந்துவிடும்.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாணவி ம.பொ.சி.யின் தமிழ் வரி ஒன்றைத் தானே ஆங்கிலத்தில் மாற்றி, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாள். நீங்களே மொழிபெயர்த்ததை ஏபிஏ நேரடி மேற்கோளாகக் கணக்கில் எடுக்காது, அது உங்கள் சொற்களில் சொன்னது மாதிரிதான். ஆங்கிலச் சொற்கள் உங்களுடையவை, அவர் வாயில் வைக்க முடியாது. ஆகவே மேற்கோள் குறியை எடுத்துவிட்டு ஆசிரியர், ஆண்டு போடுங்கள். பக்க எண் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடச் சொல்வேன், மூல வரியைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு வேறு வழி இல்லை.

அடுத்தது, ஒரு நூலுக்குள் இன்னொருவர் பேச்சு. தன்வரலாற்றில் ஒரு தலைவரின் சட்டமன்றப் பேச்சு மேற்கோளாக வருகிறது, நீங்கள் சட்டமன்றப் பதிவைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பார்த்த மாதிரி எழுதக் கூடாது. வாக்கியத்தில் தலைவர் பெயரைச் சொல்லி, அடைப்புக்குள் இப்படி:

```
(as cited in Sivagnanam, YYYY, p. 212)
```

பட்டியலில் சிவஞானம் மட்டும் வருவார், அந்தத் தலைவர் வர மாட்டார். தன்வரலாற்று ஆசிரியர் தவறாக எடுத்தாண்டிருந்தால் அந்தத் தவறு யாருடையது என்பதும் இதனால் தெளிவாக இருக்கும்.

சட்டத்தின் பெயரிலேயே அடைப்புக்குறி இருப்பதால் குறிப்பு போட்டால் அடைப்புக்குள் அடைப்பு என்று அசிங்கமாக வரும். சட்டத்தின் பெயரை வாக்கியத்திலேயே முழுதாக ஆண்டோடு எழுதிவிடுங்கள், முடிந்தது.

பிறகு பாட்டி. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போனபோது நகரிச் சந்தையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர் சொன்னதைப் பேத்தி கட்டுரையில் சேர்த்திருந்தாள், நன்றாகவும் இருந்தது. வாசகர் போய்ப் பார்க்கக்கூடிய ஆவணம் எதுவும் அதற்கு இல்லாததால் ஏபிஏவில் அது பட்டியலில் சேராது. கட்டுரைக்குள் மட்டும் பெயர், `personal communication`, பேசிய தேதி. எம்எல்ஏவில் இதற்கு நேர்மாறாக, நீங்கள் எடுத்த நேர்காணல் பட்டியலிலும் வரும்.

## 6. மென்பொருளை நம்பலாம், ஆனால் பெயரில் அல்ல

வேர்டில் `References` பட்டியின் கீழ் `Insert Citation` இருக்கிறது, ஜோடெரோவும் இலவசம், பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டு இடத்தைக் கையால் பார்க்க வேண்டும்.

ஒன்று, அமைப்புகளின் பெயர். வேர்டில் ஆணையத்தின் பெயரை ஆசிரியர் கட்டத்தில் தட்டினால் அதையும் ஒரு மனிதராக நினைத்துக் கடைசிச் சொல்லை முன்னால் இழுத்துவிடும்.

```
Commission, S. R. (1955).
```

எஸ்.ஆர். கமிஷன் என்று யாரோ ஒரு பெரியவர் எழுதியது போல! அந்தக் கட்டத்தில் தட்டாமல் `Corporate Author` என்ற பெட்டியில் குறியிட்டு அங்கே எழுத வேண்டும். மனிதர்களின் பெயரைத் தட்டும்போது காற்புள்ளியை நீங்களே போட்டு `Rama Rao, N. T.` என்கிற வடிவில் கொடுங்கள், இல்லாவிட்டால் அது கடைசிச் சொல்லை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, பதிப்பு. வேர்டின் பட்டியலில் `APA Sixth Edition` என்று இருந்தால் அது பழைய முறை, நீங்கள் ஊரைக் கொடுத்திருந்தால் பதிப்பகத்துக்கு முன் அதைச் சேர்த்துவிடும். கையால் எடுத்துவிடுங்கள். கூகுள் ஸ்காலர் தரும் ஆயத்தப் பதிவுக்கும் இதே மாதிரிச் சோதனை தேவை, குறிப்பாக முதலெழுத்தும் பெயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

## 7. இரண்டு பக்கமும் சரிபாருங்கள்

இதைத் திரையில் செய்யாமல் தாளில் செய்யுங்கள். துணைநூற்பட்டியலை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரையில் `Ctrl+F` தட்டி `(` என்று தேடி, ஒவ்வொரு குறிப்பாக நிறுத்தி, அதன் முதல் சொல்லும் ஆண்டும் தாளில் இருக்கின்றனவா என்று டிக் போடுங்கள். ஆசிரியர் பெயர் வாக்கியத்திலேயே வரும் இடத்தில் அடைப்புக்குள் ஆண்டு மட்டும் இருக்கும், அதையும் விடாதீர்கள். சட்டத்துக்கு மட்டும் அதன் பெயரை வைத்தே தனியாகத் தேட வேண்டும்.

முடிந்ததும் தாளைப் பாருங்கள். டிக் விழாத பதிவு இருந்தால் நீங்கள் படித்தீர்கள் ஆனால் பயன்படுத்தவில்லை, ஏபிஏவில் அதை அடித்துவிட வேண்டும். கட்டுரையில் குறிப்பு இருந்து தாளில் பதிவு இல்லை என்றால் அது இன்னும் மோசம், எங்கிருந்தோ எடுத்துவிட்டு மறைத்த மாதிரி ஆகிவிடும்.

நம் மாணவிக்கு முதல் சுற்றில் பிரகாசத்துக்கு டிக் விழவில்லை. கட்டுரையில் தேடிப் பார்த்தால் `(Tanguturi, YYYY)` என்று ஒரு இடத்தில் இருந்தது. மேசையில் ஒட்டிய துண்டுத் தாளைப் பார்த்து அந்த ஒரு சொல்லை மாற்றினாள், டிக் போட்டாள், மறுநாள் கட்டுரையைக் கொடுத்துவிட்டாள்.